வேலைக்கும் போய்க்கிட்டு தினமும் ஒரு மணி நேரம் படிச்சு வேற வேலைக்கு மாறுறது: அந்த 60 நிமிஷத்துக்குள்ள என்ன நடக்கணும்

நான் ரெண்டு தடவை எஸ்க்யூஎல் கத்துக்க ஆரம்பிச்சேன், டேட்டாபேஸ்கிட்ட கேள்வி கேட்டு பதில் எடுக்கற மொழி அது, அதுல எழுதற ஒவ்வொரு கேள்விக்கும் க்வெரின்னு பேரு. முதல் தடவை மூணாவது வாரத்துல புட்டுக்கிச்சு, ரெண்டாவது தடவை ஆறு மாசம் ஓடுச்சு, பில்லிங் டீம்ல எக்செல் ஷீட்டை ஒட்டி வெட்டி ரிப்போர்ட் அனுப்பிக்கிட்டு இருந்தவன் டேட்டா வேலைக்கு மாறினேன். ரெண்டு தடவையும் தினம் ஒரு மணி நேரம்தான் திட்டம், அதே ஆள், அதே ஆபீஸ், அதே மந்தமான மண்டை. மாறினது அந்த ஒரு மணி நேரத்துக்குள்ள என்ன பண்ணேன்ங்கறது மட்டும்தான், அதைத்தான் இங்க விலாவாரியா எழுதப் போறேன். நான் எஸ்க்யூஎல் வச்சு சொல்றேன், உங்க விஷயம் வேறயா இருந்தா அந்த இடத்துல அதைப் போட்டுக்கோங்க.

முதல் தடவை எப்படி நாசமாச்சுன்னு சொல்லிடுறேன். ராத்திரி பதினொரு மணிக்கு எல்லாரும் தூங்கினப்புறம் லேப்டாப்பைத் திறந்து வீடியோவை ஒன்றரை மடங்கு ஸ்பீடுல ஓட விட்டு, "ஆமா புரியுது, ஆமா புரியுது"ன்னு தலையாட்டிட்டு பன்னெண்டரைக்குப் படுப்பேன். மூணு வாரத்துல பதினாலு மணி நேர வீடியோ முடிச்சிருந்தேன், சரி பாத்துடுவோம்னு ஒரு நாள் காலி ஸ்க்ரீன்ல உக்காந்தா `GROUP BY` எங்க வரும், `WHERE`க்கு முன்னாடியா பின்னாடியான்னே தெரியல. இதுக்கு நடுவுல தூக்கம் ஒரு மணி நேரம் கொறைஞ்சதுல ஆபீஸ்ல ஒரு இன்வாய்ஸை ரெண்டு தடவை அனுப்பி வாங்கிக் கட்டிக்கிட்டது தனிக் கதை.

முதல்ல கணக்கு: ஆறு மாசத்துல எத்தனை மணி நேரம் கையில நிக்கும்

வாரத்துல ஆறு நாள், ஒரு நாள் முழு லீவு. 26 வாரத்துக்கு 156 மணி நேரம் வருது, ஆனா அது பேப்பர்ல. என் வேலையில மாசக் கடைசி வாரம் குளோசிங், அந்த வாரம் தினம் பத்து நிமிஷத்துக்கு மேல முடியாது, அதாவது ஆறு மணி நேரத்துக்குப் பதிலா ஒரு மணி நேரம். ஆறு மாசத்துக்கு அப்படி ஆறு வாரம், ஆக 30 மணி நேரம் போச்சு. காய்ச்சல், விசேஷம், வெளியூர்னு இன்னும் கொஞ்சம் கழிச்சா மிச்சம் 120ன்னு வைங்க.

இந்த 120ஐ வச்சுதான் இலக்கைத் தேர்ந்தெடுக்கணும், பெரும்பாலானவங்க இதை உல்டாவா பண்றோம். "டேட்டா சயின்டிஸ்ட் ஆகணும்"னு ஆரம்பிச்சா புள்ளியியல், பைத்தான், மெஷின் லேர்னிங்னு அது 120 மணி நேரத்துல வாசலைக்கூட தாண்டாது, ஆறு மாசம் கழிச்சு எல்லாத்துலயும் அரைகுறையா நிப்போம். எஸ்க்யூஎல் மட்டும்னா அது அடங்கும். முதல் 40 மணி நேரம் `SELECT`ல இருந்து `JOIN` வரைக்கும், அடுத்த 40 சப்க்வெரி, `WITH`, விண்டோ ஃபங்ஷன், கடைசி 40 நானே ஒரு டேட்டாவை எடுத்து கேள்வி கேட்டு பதில் கண்டுபிடிக்கறதுன்னு பிரிச்சேன். ஏற்கெனவே பில்லிங் வேலை தெரிஞ்சவனுக்கு அது மேல எஸ்க்யூஎல்லும் தெரிஞ்சா அது ஒரு ஆளு, பில்லிங்கை விட்டுட்டு முழுசா புதுசா ஒன்னுக்குப் போறவன் வேற ஆளு. ஒரு மணி நேரக்காரங்களுக்கு முதல் வழிதான் கட்டும்.

எங்கிருந்து எடுக்கப் போறீங்க அந்த மணி நேரத்தை

தூக்கத்துல இருந்து எடுக்காதீங்க. பெரியவங்களுக்குக் கொறஞ்சது ஏழு மணி நேரத் தூக்கம் வேணும்னு டாக்டருங்க சொல்றது ஒரு பக்கம், அன்னிக்குப் படிச்சது மண்டையில உக்கார்றதுக்கே தூக்கம்தான் வேலை பண்ணுதுங்கறது இன்னொரு பக்கம். தூக்கத்தை வெட்டிப் படிக்கறது ஒரு கையால குடத்துல ஊத்திக்கிட்டே இன்னொரு கையால ஓட்டை போடுற மாதிரி. காபி குடிச்சு சமாளிக்கலாம்னு நெனச்சா, காஃபின் பாதியா கொறையவே சராசரியா அஞ்சு மணி நேரம் ஆகும், ராத்திரி ஏழு மணிக்குக் குடிச்சா பன்னெண்டு மணிக்கும் பாதி உள்ளேயே சுத்திக்கிட்டு இருக்கும்.

ஒரு வாரம் சும்மா ஆபீஸ் நேரத்துக்கு வெளிய என்ன பண்றேன்னு எழுதிப் பாத்தேன். வீட்டுக்கு வந்ததும் செருப்பைக் கழட்டிட்டு சோஃபாவுல போனை நோண்டுற நேரம் 50 நிமிஷம், அதுல ரெஸ்ட் எடுத்த திருப்தியும் இல்ல. ஆனா அந்த நேரத்துல உடனே படிக்க உக்காந்தாலும் ஓடல, ஏன்னா மண்டைக்குள்ள ஆபீஸ் இன்னும் ஓடிக்கிட்டு இருக்கும். ஒரு வேலையை அரைகுறையா விட்டுட்டு அடுத்ததுக்குத் தாவினா கவனத்துல ஒரு பங்கு பழசுலயே ஒட்டிக்கிட்டு நிக்கும்னு சோஃபி லெராய்னு ஒரு ஆராய்ச்சியாளர் 2009ல எழுதினாங்க. நான் பண்ணது, ஆபீஸ்ல எழுந்திரிக்கறதுக்கு முன்னாடி நாளைக்கு முதல் வேலை என்ன, எது பாதியில நிக்குதுன்னு ஒரு துண்டுப் பேப்பர்ல நாலு வரி எழுதி கீபோர்டு மேலயே வச்சுட்டுக் கிளம்புவேன். வீட்டுக்கு வந்து மூஞ்சி கழுவி இருபது நிமிஷம் போனைத் தொடாம சும்மா நடப்பேன், அப்புறம் உக்காருவேன். காலையில முழிக்கறவங்களுக்கு இந்தத் தொல்லையே இல்ல, வேலைக்கு முன்னாடி படிக்க முடிஞ்சா அதுதான் பெஸ்ட், ஆனா அதுக்காக அலாரத்தை ஒரு மணி நேரம் முன்னாடி வச்சா படுக்கறதையும் ஒரு மணி நேரம் முன்னாடி வைக்கணும், பாதிப் பேரு இந்த ரெண்டாவது பாதியை மறந்துடறாங்க.

60 நிமிஷம்: 10 + 40 + 10

இதுதான் மெயின் விஷயம், கொஞ்சம் நின்னு படிங்க.

முதல் 10 நிமிஷம் எதையும் படிக்கக் கூடாது. பழசை மண்டையில இருந்து வெளிய எடுக்கணும். நோட்டை மூடி வச்சுட்டு நேத்து கத்துக்கிட்டதை காலி ஃபைல்ல எழுதணும், வரலைன்னா ஒரு நிமிஷம் முக்கிப் பாத்துட்டு அப்புறம்தான் பாக்கணும். 2006ல ரோடிகர், கார்பிக்கேன்னு ரெண்டு பேர் மாணவர்களை வச்சு ஒரு சோதனை பண்ணாங்க. ஒரு குரூப் பாடத்தைத் திரும்பப் படிச்சது, இன்னொரு குரூப் பாக்காம நினைவுபடுத்தி எழுதுச்சு. அஞ்சு நிமிஷம் கழிச்சு டெஸ்ட் வச்சா திரும்பப் படிச்சவங்க ஜெயிச்சாங்க, ஒரு வாரம் கழிச்சு வச்சா எழுதிப் பாத்தவங்க ஜெயிச்சாங்க. வீடியோவை ரெண்டாவது தடவை பாக்கும்போது "ஆஹா எல்லாம் தெரியுதே"ன்னு தோணுறது அந்த அஞ்சு நிமிஷ வெற்றி, நம்மள ஏமாத்துறதும் அதுதான்.

இதுக்கு நான் ஒரு ஃபைல் வச்சிருந்தேன், வரிக்கு ஒரு கேள்வி, பக்கத்துல தேதி. ஒரு கேள்வியை எழுதின நாள்ல இருந்து 1, 3, 7, 21ன்னு நாலு நாள் திரும்பக் கேப்பேன், லீவு நாள்ல விழுந்தா மறுநாளைக்குத் தள்ளிடுவேன். ஒரு நாளைக்கு மூணு புதுக் கேள்விக்கு மேல சேக்காதீங்க. தினம் மூணு சேத்தா, மூணு வாரம் கழிச்சு ஒரு நாளைக்கு 12 பழைய கேள்வி வந்து நிக்கும், ஒன்னுக்கு முக்கால் நிமிஷம்னா ஒம்போது நிமிஷம், பத்துக்குள்ள அடங்கிடும். ஆர்வக்கோளாறுல தினம் பத்து சேத்தீங்கன்னா 40 வரும், அது அரை மணி நேரம், புதுசா கத்துக்க நாப்பதுல பாதிதான் மிச்சம். நான் ரெண்டாவது மாசம் இந்தக் குழியில விழுந்து எழுந்தேன், பாதிக் கேள்வியை அழிச்சுட்டு மறுபடி மூணுக்கு வந்தேன், அழிச்சதுல ஒன்னைக்கூட பின்னாடி தேடல.

நடு 40 நிமிஷம் ஒரே ஒரு புது விஷயம். வீடியோன்னா அதிகபட்சம் பன்னெண்டு நிமிஷம், அப்புறம் மூடிட்டு கையால டைப் பண்ணணும், கொஞ்சம் மாத்திப் பாக்கணும், ஒடைக்கணும், ஏன் ஒடைஞ்சதுன்னு பாக்கணும். இன்ஸ்டால் பண்றது, செட்டப், அக்கவுன்ட் திறக்கறது எதுவும் இந்த 40க்குள்ள வரக் கூடாது, அதை லீவு நாள்ல ஒரே தடவையா முடிச்சுடுங்க. நான் DB Browser for SQLite போட்டேன், சர்வர் கிடையாது பாஸ்வேர்டு கிடையாது, ஒரே ஒரு ஃபைல், திறந்தா வேலை ஆரம்பம்.

கடைசி 10 நிமிஷம் நாளைக்காக. அன்னிக்கு எது புரிஞ்சது, எங்க முட்டுதுன்னு ரெண்டு வரி, மூணு கேள்வி, அப்புறம் நாளைக்கு எழுத வேண்டிய முதல் க்வெரியோட முதல் வரியை எழுதி அரைகுறையா விட்டுட்டு சேவ் பண்ணிடுவேன். டயர்டா வந்து உக்காருறவனுக்கு "இன்னிக்கு என்ன படிக்கலாம்"னு யோசிக்கறதே பெரிய மலை, அந்த யோசனையிலயே பதினஞ்சு நிமிஷம் போயிடும். அரைகுறை வரி கண்ணு முன்னாடி இருந்தா கை தானா அதை முடிக்கப் போகும்.

ஒரு தப்பு, நாலு நாள்: நிஜத்துல எப்படி ஓடுச்சுன்னு

ஏழாவது வாரம், `LEFT JOIN`, அதாவது ரெண்டு டேபிளைச் சேக்கும்போது முதல் டேபிள்ல இருக்கற எல்லா வரியையும், ஜோடி கிடைக்காட்டியும், வச்சுக்கறது. கேள்வி இதுதான்: எல்லா கஸ்டமரையும் காட்டணும், 2024 ஆரம்பத்துல இருந்து ஆர்டர் போடாதவங்களுக்கு 0ன்னு வரணும். நான் எழுதினது:

```sql
SELECT c.id, COUNT(*) AS n
FROM customers c
LEFT JOIN orders o ON o.customer_id = c.id
WHERE o.order_date >= '2024-01-01'
GROUP BY c.id;
```

எரர் எதுவும் வரல, அழகா ரிசல்ட் வந்துச்சு, ஆனா ப்ராக்டிஸ் டேபிள்ல 20 கஸ்டமர் இருக்காங்க, வந்தது 13 வரி. மீதி ஏழு பேர் எங்க? அன்னிக்கு 40 நிமிஷமும் இதுலயே போச்சு. ஆர்டர் போடாதவங்களுக்கு `o.order_date` `NULL`ஆ, அதாவது மதிப்பே இல்லாம, இருக்கும், `NULL`ஐ எந்தத் தேதியோட ஒப்பிட்டாலும் உண்மைன்னு வராது, அதனால `WHERE` அவங்களை மொத்தமா தூக்கி வெளிய போட்டுடுது, பழைய வருஷத்து ஆர்டர் மட்டும் வச்சிருக்கறவங்களும் அதோட சேந்து போயிடறாங்க. பேருக்குத்தான் `LEFT JOIN`, வேலை பாத்தது ஜோடி கிடைச்சவங்களை மட்டும் காட்டுற சாதா `JOIN` மாதிரி. கடைசி பத்து நிமிஷத்துல எழுதினேன்: "20 வரவேண்டிய இடத்துல 13, காரணம் WHERE. நாளைக்கு: கண்டிஷனை ON பக்கம் நகத்திப் பாரு."

ரெண்டாம் நாள் காலி ஃபைல்ல அந்தத் தப்பான க்வெரியைப் பாக்காம எழுதி, ஏன் தப்புன்னு ஒரு வரி எழுதினேன், அதுக்கே எட்டு நிமிஷம் ஆச்சு. அப்புறம் கண்டிஷனை நகத்தினேன், 20 வரி வந்துச்சு, ஆனா ஆர்டரே போடாதவங்களுக்கு 0க்குப் பதிலா 1. `COUNT(*)` வரியை எண்ணுது, ஆர்டரை எண்ணல, ஆர்டர் இல்லாதவங்களுக்கும் ஒரு வெத்து வரி இருக்குல்ல. சரியானது இது:

```sql
SELECT c.id, COUNT(o.id) AS n
FROM customers c
LEFT JOIN orders o
  ON o.customer_id = c.id
 AND o.order_date >= '2024-01-01'
GROUP BY c.id;
```

மூணாம் நாள் பத்து நிமிஷத்துல பாக்காம எழுத வந்துச்சு. நாலாவது நாள் ஆபீஸ்ல செம இழுவை, பத்து நிமிஷம் மட்டும் கேள்விகளை ஓட்டிட்டு மூடிட்டேன். வீடியோவுல இந்த விஷயம் ஆறு நிமிஷம்தான், நான் முதல் தடவையே பாத்திருந்தேன், புரிஞ்சுதுன்னு தலையும் ஆட்டியிருந்தேன். அந்த ஆறு நிமிஷத்துக்கு எனக்கு மூணு நாள் ஆச்சு, ஆனா இன்னிக்கு வரைக்கும் மறக்கல. மெதுவா போற மாதிரி தெரியும், அதைப் பாத்து பதறாதீங்க. எத்தனை சாப்டர் முடிஞ்சதுன்னு எண்ணாம, பாக்காம எத்தனை க்வெரி எழுத வருதுன்னு எண்ணுங்க.

தரை பத்து நிமிஷம், கூரை அறுபது

மோசமான நாள்ல முதல் பத்து நிமிஷம் மட்டும், பழைய கேள்வி மட்டும். இது எல்லாரும் சொல்றதுதான். யாரும் சொல்லாதது அந்தப் பக்கம், நல்ல நாள்ல அறுபதைத் தாண்டக் கூடாது. நல்லா ஓடுதேன்னு ஒரு சனிக்கிழமை நாலு மணி நேரம் உக்காந்தேன், ஞாயிறு லீவு நாள்லயும் விடாம ரெண்டு, திங்கள் செவ்வாய் ரெண்டு நாளும் லேப்டாப்பைத் திறக்கவே வெறுப்பா இருந்துச்சு, புதன்கிழமை "இந்த வாரம் விட்டாச்சே, அடுத்த வாரம் பாத்துக்கலாம்"னு தோணுச்சு. அதிகமா படிச்ச நாள்தான் விட்ட நாளுக்கு அப்பன். அதுக்கப்புறம் என் வீட்டுக்காரிகிட்ட சொல்லி வச்சேன், அவ "அறுபத்தியொன்னாவது நிமிஷம் நானே வந்து மூடிடுவேன், அப்புறம் பாதியில இருந்துச்சுன்னு கத்தாதீங்க"ன்னா. ரெண்டு தடவை நிஜமாவே மூடினா, கத்தவும் கத்தினேன்.

விட்ட மணி நேரத்தை மறுநாள் சேத்து ரெண்டா படிக்கறதும் கூடாது. விட்டது விட்டதுதான், அதுக்குத்தான் 156ஐ 120ஆ குறைச்சு வச்சோம்.

பர்ன்அவுட் வருதான்னு எப்படித் தெரியும்

உலக சுகாதார நிறுவனம் தன்னோட நோய் வகைப்பாட்டுல (ஐசிடி-11) பர்ன்அவுட்டை நோய்னு சொல்லல, வேலையோட சம்பந்தப்பட்ட ஒரு நிலைன்னு சொல்லுது. மூணு அடையாளம்: சக்தியே இல்லாம போறது, வேலை மேல ஒரு ஒட்டாத்தன்மை இல்ல வெறுப்பு, எதைப் பண்ணாலும் உருப்படியா பண்ணலைங்கற நெனப்பு. இதுல நமக்கு முக்கியமானது, அது வேலையில இருந்து வருது. படிப்பு அதை உண்டாக்காட்டியும், வேலையில இருந்து மீண்டு வர்ற நேரத்தைத் தின்னுடும்.

அதனால நான் ரெண்டு நம்பர் மட்டும் எழுதி வச்சேன், உக்காரும்போது அசதி 1ல இருந்து 5க்குள்ள எவ்வளவு, எழும்போது எவ்வளவு. உக்காரும்போது 4, எழும்போது 3ன்னா சாதாரண ஆபீஸ் அலுப்பு, பயப்பட ஒன்னும் இல்ல, படிச்சதுல மண்டை கொஞ்சம் தெளிஞ்சிருக்கு. 3ல உக்காந்து 5ல எழுந்தா, அதுவும் மூணு நாள் தொடர்ச்சியா அப்படின்னா, முதல்ல தூக்கத்தைப் பாப்பேன், அடுத்த ஒரு வாரம் 20 நிமிஷம் மட்டும் (பத்து பழசு, பத்து நேத்து விட்டதோட தொடர்ச்சி, புதுசு கிடையாது). அந்த வாரம் முடிஞ்சும் இறங்கலைன்னா படிப்பை ஒரு வாரம் சுத்தமா நிறுத்திடணும். நிறுத்தியும் காலையில எழும்போதே 4ன்னா சிக்கல் படிப்புல இல்ல, வேலையிலயோ உடம்புலயோ இருக்கு, டைம்டேபிளை மாத்தி அதைச் சரி பண்ண முடியாது, லீவு கேக்கணும், வேலையைக் குறைக்கச் சொல்லணும், இல்ல டாக்டரைப் பாக்கணும். எனக்கு ஆறு மாசத்துல ரெண்டு தடவை 20 நிமிஷ வாரம் வந்துச்சு, முழுசா நிறுத்தின வாரம் ஒன்னு.

இன்னொரு சின்ன அடையாளம், ஒரே வரியை மூணு தடவை படிச்சும் ஏறலைன்னா அன்னிக்கு கடை மூடியாச்சுன்னு அர்த்தம். நாளைக்கான வரியை எழுதிட்டு எழுந்துடுங்க, 25 நிமிஷம்தான் ஆச்சுன்னாலும் பரவால்ல.

கத்துக்கிட்டதை ஆபீஸ்ல தொடுறது

நாலாவது மாசம் வாக்குல இது தானா வரும், வரலைன்னா வர வைங்க. ஆபீஸ் டேட்டாவை வீட்டுக்குத் தூக்கிட்டு வந்து ப்ராக்டிஸ் பண்ணாதீங்க, வேலையே போயிடும். நான் மேனேஜர்கிட்ட ரிப்போர்ட்டிங் டேட்டாபேஸுக்கு படிக்க மட்டும் அனுமதி உள்ள ஒரு லாகின் கேட்டேன், "மாசா மாசம் அந்த பாக்கி ரிப்போர்ட்டை கையால பண்றேனே சார், அதை க்வெரியா மாத்திப் பாக்கறேன்"னு. அவர் ஒரு மாசம் இழுத்தடிச்சு அப்புறம் கொடுத்தார். ரெண்டு மாசம் பழைய முறையிலயும் க்வெரியிலயும் ரெண்டையும் ஓட்டி நம்பரை ஒத்துப் பாத்துட்டுதான் பழசை விட்டேன். ஆச்சரியமா, முதல் மாசம் ஒத்துப் போகல, தேடினா தப்பு எக்செல் பக்கம். மாசத்துக்கு மூணு மணி நேரம் தின்ன ரிப்போர்ட் சில நிமிஷத்துல முடிய ஆரம்பிச்சுது, அப்படி மிச்சமான நேரத்துல ஆபீஸ்லயே இன்னொரு ரிப்போர்ட்டைத் தொட்டேன். ரெஸ்யூமேல சர்டிஃபிகேட்டுக்கு மேல இந்த ரெண்டு ரிப்போர்ட்டையும்தான் போட்டேன், இன்டர்வியூல பேச்சு பூரா இதைச் சுத்தியே போச்சு.

ரெண்டு வாரம் விட்டுப் போச்சுன்னா

போகும், எனக்கும் போச்சு. திரும்ப வர்ற அன்னிக்கு விட்ட பாடத்துல இருந்து ஆரம்பிக்காதீங்க, ஒன்னும் வராது, எல்லாம் மறந்துட்டேன்னு மனசு விட்டுடும். கேள்வி ஃபைல்ல சேந்து கெடக்கற பழசை எல்லாம் ஒரே நாள்ல தீக்கவும் பாக்காதீங்க. கடைசியா சேத்த பத்துக் கேள்வியை மட்டும் எடுத்து இருபது நிமிஷம் எழுதிப் பாருங்க, வராததுக்குப் பக்கத்துல இன்னிக்குத் தேதியைப் போட்டு 1, 3, 7, 21ஐ மறுபடி முதல்ல இருந்து ஓட விடுங்க, வந்ததை அப்படியே விட்டுடுங்க. மூணு நாள் இப்படி இருபது இருபதா போனப்புறம் நாலாவது நாள் முழு மணி நேரம். நான் திரும்பி வந்தப்ப பத்துல நாலுதான் வந்துச்சு, மூணாவது நாள் எட்டு வந்துச்சு, அந்த LEFT JOIN கேள்வி முதல் நாளே வந்த நாலுல ஒன்னு.